35 × 35 = 1225: "மூணும் நாலும் பெருக்கு, பின்னால் 25 போடு" ஏன் சரியாக வருகிறது?

பிறை_அப்பா · திங்கள், இரவு 9.40

வணக்கம். என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் டியூஷனில் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐந்தில் முடியும் எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டுமென்றால், முன்னால் இருக்கும் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கு, பின்னால் 25 எழுது. 35 × 35 என்றால் 3 × 4 = 12, பின்னால் 25, ஆக 1225. 15-இல் தொடங்கி 95 வரை நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி.

நேற்று அவளாகவே 36 × 36 போட்டாள். 3 × 4 = 12, 6 × 6 = 36, அதனால் 1236 என்றாள். சரியான விடை 1296. "35-க்கு வருது, 36-க்கு ஏன்பா வரல?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினொன்றிலும் இதே கதை. 63 × 11 என்றால் 6-க்கும் 3-க்கும் நடுவில் 9 வைத்து 693 என்கிறாள். அது சரி. 78 × 11 கேட்டால் நடுவில் 15 வைத்து 7158 என்கிறாள்.

வழியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது எதுவரை செல்லும் என்று தெரியாமல் இருக்கிறாள். பதினோரு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி காரணம் சொல்ல யாராவது உதவ முடியுமா?

இரவுஷிஃப்ட் · திங்கள், இரவு 10.15

அண்ணே, இது ரொம்ப எளிது. பத்தாம் இடத்து எண்ணை a என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(10a + 5)² = 100a² + 100a + 25 = 100 × a × (a + 1) + 25

அவ்வளவுதான். a × (a + 1) நூறுகளாக முன்னால் போய் உட்காருகிறது, 25 பின்னால் ஒட்டிக்கொள்கிறது. 36-க்கு வராது, ஏனென்றால் இது 5-க்கே உள்ள சிறப்பு. ஐந்து பத்தில் பாதி. வேறு இலக்கத்துக்கு இந்த வழி கிடையாது என்று பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

மல்லிகைக்கடை · திங்கள், இரவு 10.50

நான் கணக்கில் பெரிய ஆள் இல்லை. ஆனால் பதினொன்று இல்லாமல் என் கடை ஓடாது. ஜார்ஜ்டவுனில் பூக்கடை வைத்திருக்கிறேன். சில பூவுக்குக் கொள்முதல் விலையோடு பத்து விழுக்காடு மட்டும் சேர்த்து விற்பேன். கேமரன் மலைச் செவ்வந்தி ஒரு கட்டு 36 வெள்ளி என்றால், 36 × 11 = 396, ஒரு புள்ளி வைத்து 39 வெள்ளி 60 காசு. வாயில் வந்துவிடும்.

37.80 என்றால் 41.58 வரும். ஒரு காசு நாணயத்தைக் கடையில் நிறுத்தியது 2008 ஏப்ரலில். அன்றிலிருந்து ரொக்கத்துக்கு ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறோம், ஆக 41.60.

பிள்ளை வேகமாகப் போடவேண்டும் என்றால் தினம் பத்து கணக்கு கொடுங்கள் தம்பி. ஒரு மாதத்தில் வந்துவிடும்.

பிறை_அப்பா · திங்கள், இரவு 11.05

நன்றி அக்கா. வேகம் அவளுக்கு ஏற்கனவே இருக்கிறது. வேகமாகத் தப்பு போடுகிறாள் என்பதுதான் என் கவலை. காரணம் தெரிந்தால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்கே தெரியும்.

தம்பி, உங்கள் சூத்திரம் எனக்குப் புரிந்தது. அவளிடம் காட்டினேன். "a எதுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கணக்குவாத்தி · செவ்வாய், காலை 6.20

தம்பி, நான் ஆயர் ஈத்தாம் பக்கம். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். சூத்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கட்டம் போட்ட தாளும் கத்தரிக்கோலும் எடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு 35 கட்டம் வைத்து ஒரு சதுரம் வரையுங்கள். உள்ளே 35 × 35 கட்டங்கள் இருக்கின்றன. மேலிருந்து 30-ஆவது கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு, இடமிருந்து 30-ஆவது கட்டத்தில் நெடுக்காக ஒரு கோடு. இப்போது சதுரம் நான்கு துண்டாகப் பிரிகிறது. 30 × 30 பெரிய துண்டு ஒன்று, 30 நீளம் 5 அகலத்தில் பட்டை இரண்டு, மூலையில் 5 × 5 குட்டிச் சதுரம் ஒன்று.

இரண்டு பட்டைகளையும் வெட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவையுங்கள். 5 அகலமும் 5 அகலமும் சேர்ந்து 10 அகலம் ஆகிவிட்டது. அதை அப்படியே பெரிய துண்டின் ஓரத்தில் வையுங்கள். 30 × 30 இருந்தது 30 × 40 ஆகிவிடும். அதுதான் "மூணும் நாலும் பன்னிரண்டு", அதாவது 1200. கையில் மிச்சம் இருப்பது மூலைச் சதுரம், 25. அதுதான் பின்னால் ஒட்டும் 25. "அடுத்த எண்ணால் பெருக்கு" என்கிறார்களே, அந்த அடுத்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே நகர்த்திப் பார்த்துவிடும்.

இப்போது 36-க்கு வாருங்கள். அதே மாதிரி வெட்டினால் பட்டை ஒவ்வொன்றும் 6 அகலம். இரண்டும் சேர்ந்தால் 12. பெரிய துண்டோடு வைத்தால் 30 × 40 வராது, 30 × 42 வரும். 1260. மூலையில் 36. கூட்டினால் 1296. உங்கள் மகள் 42-க்குப் பதிலாக 40 வைத்துவிட்டாள். 30 வரிசையில் இரண்டிரண்டு கட்டம் விட்டுப்போனது, அதாவது 60. 1236-க்கும் 1296-க்கும் உள்ள வித்தியாசம் அந்த 60-தான். அவள் போட்டது கண்மூடித்தனமான தப்பு இல்லை, வழியில் பாதி தூரம் சரியாகவே போயிருக்கிறாள்.

இரவுஷிஃப்ட் தம்பி, 5-க்கே உள்ள சிறப்பு என்று சொன்னீர்கள். பட்டை இரண்டும் சேர்ந்து 10 அகலம் வந்தால் போதும், அவை ஒரே அகலமாக இருக்க வேண்டியதில்லை. 43 × 47 எடுங்கள். 40 நீளத்தில் ஒரு பட்டை 3 அகலம், இன்னொன்று 7 அகலம். சேர்த்தால் 10. ஆக 40 × 50 = 2000, மூலையில் 3 × 7 = 21. விடை 2021. பத்தாம் இடம் ஒன்றாக இருந்து, ஒன்றாம் இடங்கள் கூட்டினால் பத்து வந்தால் எல்லாவற்றுக்கும் இது ஓடும்.

இரவுஷிஃப்ட் · செவ்வாய், காலை 7.45

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். 43 × 47 நான் யோசிக்காதது. 5 என்பது இந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும்தான்.

அபாகஸ்_அக்கா · செவ்வாய், மதியம் 1.10

நான் பத்து வருடமாக கோலாலம்பூரில் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஐயா 35-ஐச் சொல்லிவிட்டார், பதினொன்றை நான் சொல்கிறேன்.

78 × 11 என்றால் 78 பத்து முறை, அப்புறம் இன்னும் ஒரு முறை. 780-க்குக் கீழே 78-ஐ எழுதச் சொல்லுங்கள், ஒன்றாம் இடம் நேராக இருக்கவேண்டும்.

```
  780
+  78
-----
  858
```

இடது ஓரத்தில் 7 தனியாக நிற்கிறது. வலது ஓரத்தில் 8 தனியாக நிற்கிறது. நடுவில் மட்டும் 8-உம் 7-உம் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. "நடுவில் கூட்டி வை" என்ற குறுக்குவழி இந்தக் கூட்டல்தான், வேறொன்றும் இல்லை. நடுவில் 15 வந்தால் அது 15 பத்துகள். 5-ஐ வைத்துக்கொண்டு 1-ஐ இடது பக்கம் கொடுக்கவேண்டும், 7 எட்டாகும். 858. கீழே எழுதிக் கூட்டும்போது மகள் இதைத் தானாகவே செய்வாள், ஏனென்றால் கூட்டலில் கைமாற்று அவளுக்குத் தெரியும். குறுக்குவழியாகச் சொல்லும்போதுதான் அது கூட்டல் என்பதே மறந்துபோகிறது.

எண் நீளமானாலும் இதே கதைதான். 4582 × 11. வலது பக்கத்திலிருந்து வாருங்கள். 2. பிறகு 8-உம் 2-உம் 10, 0 வைத்து 1 கையில். 5-உம் 8-உம் 13, கையில் 1, ஆக 14. 4 வைத்து 1 கையில். 4-உம் 5-உம் 9, கையில் 1, ஆக 10. 0 வைத்து 1 கையில். கடைசியில் 4-உம் 1-உம் 5. விடை 50402.

என் வகுப்பில் இடமிருந்து சொல்லப் பழக்குவோம், ஆனால் அதற்கு அடுத்த இலக்கத்தை ஒரு கண்ணால் எட்டிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். இந்த எண்ணில் கைமாற்று கடைசியிலிருந்து முதல்வரை ஓடி வருகிறது. எட்டிப் பார்க்காத பிள்ளை "நாற்பத்து..." என்று தொடங்கி மாட்டிக்கொள்ளும்.

இரவுஷிஃப்ட் · செவ்வாய், மதியம் 1.30

அக்கா, அப்படியென்றால் குறுக்குவழி எதற்கு? 780-ஓடு 78-ஐக் கூட்டு என்று நேராகவே சொல்லிவிடலாமே. நான் அப்படித்தான் போடுகிறேன்.

அபாகஸ்_அக்கா · செவ்வாய், மதியம் 1.42

பெரியவர்களுக்குச் சரி தம்பி. சின்னப் பிள்ளை 780, 78 என்று இரண்டு எண்ணையும் தலையில் பிடித்துக்கொண்டு கூட்டவேண்டும். குறுக்குவழியில் 7, 8 இரண்டு இலக்கம் மட்டும் பிடித்தால் போதும். ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதை முதலில் சொல்வது என்று எங்கள் வகுப்பு ஆசிரியைகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை.

பிறை_அப்பா · செவ்வாய், இரவு 9.20

ஐயா, வெட்டிப் பார்த்தோம். அவள் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்துக்கு 35 கட்டம் கொள்ளவில்லை. இரண்டு தாளை ஒட்டினால் கோடு பொருந்தவில்லை. அதனால் 15-இல் தொடங்கினோம். 10 × 10 பெரிய துண்டு, 10 நீளம் 5 அகலத்தில் பட்டை இரண்டு, மூலையில் 25. பட்டைகளைச் சேர்த்து வைத்ததும் "20 ஆயிடுச்சு" என்றாள். அப்புறம் 25-ஐ அவளே வெட்டினாள். 35-க்கு வெட்டாமலேயே சொல்லிவிட்டாள். இதைச் செய்பவர்கள் 15-இல் தொடங்குங்கள், மேசை பற்றாக்குறை வராது.

ஐயா சொன்ன 43 × 47 கொடுத்தேன், 2021 என்று சரியாகச் சொன்னாள். 41 × 49 கொடுத்தேன். 4 × 5 = 20, 1 × 9 = 9, விடை 209 என்றாள். இங்கே என்ன ஆனது என்று எனக்கும் தெரிகிறது. மூலைத்துண்டு 9 கட்டம்தான், ஆனால் முன்னால் இருப்பது 20 நூறுகள். 2000-உம் 9-உம் 2009. பின்பக்கம் எப்போதும் இரண்டு இடம் வேண்டும், 09 என்று எழுதவேண்டும். அது புரிந்தது. ஆனால் நான் பக்கத்தில் இல்லாதபோது அவளே எப்படிக் கண்டுபிடிப்பாள்?

இரவுஷிஃப்ட் · செவ்வாய், இரவு 10.05

அதற்கு ஒன்பது சோதனை இருக்கிறது அண்ணே, எந்தத் தப்பும் தப்பிக்காது. ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டவேண்டும். அந்த ஒற்றை இலக்கங்களைப் பெருக்கி மறுபடி கூட்டவேண்டும். விடையின் இலக்கங்களையும் கூட்டவேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் விடை சரி.

36 × 36-க்குப் பாருங்கள். 3 + 6 = 9. 9 × 9 = 81, அதன் கூட்டல் 9. பாப்பா சொன்ன 1236-க்கு 1 + 2 + 3 + 6 = 12, அதன் கூட்டல் 3. ஒன்பது வரவில்லை, தப்பு. 1296-க்கு 18, அதன் கூட்டல் 9. சரி.

அபாகஸ்_அக்கா · செவ்வாய், இரவு 10.30

தம்பி, அதே சோதனையை 209-க்குப் போட்டுப் பாருங்கள். 41-க்கு 5. 49-க்கு 13, அதாவது 4. 5 × 4 = 20, கூட்டினால் 2. சரியான விடையின் சோதனை எண் 2. பிள்ளை சொன்ன 209-க்கு 2 + 0 + 9 = 11, கூட்டினால் 2. தப்பான விடை தேறிவிட்டது!

7158-உம் தேறுகிறது. 78-க்கு 15, அதாவது 6. 11-க்கு 2. 6 × 2 = 12, அதாவது 3. 7158-க்கு 21, அதாவது 3. இரண்டு தப்பையும் சோதனை பிடிக்கவில்லை. என் வகுப்பில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் ஏன் என்று உட்கார்ந்து யோசித்ததில்லை.

நான் பிள்ளைகளிடம் சொல்வது, முதலில் அளவைப் பார். 41 × 49 என்பது 40 × 50-க்குப் பக்கத்தில், இரண்டாயிரம் ஒட்டி வரவேண்டும். 209 எப்படி வரும்? 78 × 11 என்பது 780-க்குக் கொஞ்சம் மேலே. ஏழாயிரம் எப்படி வரும்?

கணக்குவாத்தி · புதன், காலை 6.05

அக்கா கேட்டது நல்ல கேள்வி. காரணம் இந்தக் குறுக்குவழிகளின் உள்ளேயே இருக்கிறது.

ஒன்பது சோதனை இலக்கங்களை மட்டும் கூட்டுகிறது, அவை எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்ப்பதில்லை. 10-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 1, 100-ஐ வகுத்தாலும் மீதி 1, 1000-க்கும் 1. அதனால் ஒரு இலக்கத்தைப் பத்தாம் இடத்திலிருந்து நூறாம் இடத்துக்குத் தள்ளினாலும் அந்தச் சோதனைக்குத் தெரியாது. குறுக்குவழியில் நாம் செய்வதோ, துண்டு துண்டாகக் கணக்கிட்டு அதை இடம் பார்த்து வைப்பது. அங்கே வரும் தப்பு பெரும்பாலும் வைக்கும் இடத்தில்தான் வரும். 09-இல் சுழியம் விட்டுப்போனது இடத் தப்பு. 15-ஐ ஒரே இடத்தில் திணித்ததும் இடத் தப்பு. ஒன்பது சோதனை சரியாக அந்த இடத்தில்தான் குருடு. 1236-ஐ அது பிடித்தது, ஏனென்றால் அங்கே 60 கட்டம் நிஜமாகவே விட்டுப்போயிருந்தது.

இதற்குப் பதினொன்று சோதனை பொருந்தும். ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி, ஒரு இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்து, கூட்டி, கழித்து என்று போகவேண்டும். 10 என்பது பதினொன்றுக்கு ஒன்று குறைவு, அதனால் ஒரு இடம் தள்ளினாலே குறி மாறிவிடும், தப்பு வெளியே வந்துவிடும்.

7158-க்கு 8 − 5 + 1 − 7 = −3. பதினொன்றால் பெருக்கி வந்த விடைக்கு இந்தக் கணக்கு 0 அல்லது 11 மாதிரி பதினொன்றின் மடங்காகத்தான் வரவேண்டும். −3 வந்ததால் தப்பு. 858-க்கு 8 − 5 + 8 = 11. சரி.

41 × 49-க்குப் பாருங்கள். 41-க்கு 1 − 4 = −3. குறையாக வந்தால் 11 கூட்டிக்கொள்ளலாம், 8. 49-க்கு 9 − 4 = 5. 8 × 5 = 40, அதில் 33 போக 7. விடைக்கு 7 வரவேண்டும். 209-க்கு 9 − 0 + 2 = 11, அதாவது 0. தப்பு. 2009-க்கு 9 − 0 + 0 − 2 = 7. சரி.

ஆனால் இதையும் முழுக்க நம்பக்கூடாது. இலக்கம் இரண்டு இடம் தள்ளிப்போனால் குறி மறுபடி பழையபடி ஆகிவிடும், பதினொன்று சோதனையும் பார்க்காது. அதற்கு அக்கா சொன்ன அளவு பார்ப்பதுதான் வழி. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அளவு பார்ப்பதையே முதலில் சொல்வேன்.

கெடா_மண் · புதன், காலை 10.40

இதெல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்று எங்கள் ஊரில் ஒரு வகுப்பில் சொன்னார்கள். வேத கணிதம். நம் முன்னோர் சொன்னதை இப்போதுதான் பிரித்துப் பார்க்கிறீர்கள்.

கணக்குவாத்தி · புதன், காலை 11.30

தம்பி, அந்தப் பெயரில் உள்ள நூல் பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதியது. அவர் 1960-இல் மறைந்தார், நூல் 1965-இல் அச்சானது. அதில் இந்த 35 வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சூத்திரங்கள் நமக்குக் கிடைத்திருக்கும் வேத நூல்களில் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

முன்னோர் சொன்னது என்பதில் தவறில்லை. பாஸ்கராசாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியில் வர்க்கம் காண ஒரு வழி வருகிறது. ஏதோ ஒரு எண்ணை உன் விருப்பப்படி எடுத்துக்கொள். அதைக் கூட்டியும் கழித்தும் வரும் இரண்டையும் பெருக்கு. எடுத்த எண்ணின் வர்க்கத்தைச் சேர். 35-இல் 5 எடுத்தால் 30 × 40, அதோடு 25. நாம் வெட்டி ஒட்டியது இதைத்தான். 36-இல் 6 எடுத்தால் 30 × 42, அதோடு 36. விருப்பப்படி என்பதுதான் அதில் அழகு. 36-இல் 4 எடுத்துப் பாருங்கள். 32 × 40 = 1280, அதோடு 16, அதே 1296. இது 30 × 42-ஐவிடச் சுலபம்.

டைல்ஸ்_அண்ணே · புதன், இரவு 8.15

நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். பள்ளிக்கூடத்தில் கணக்கு சரியாக வராது. ஆனால் ஐயா சொன்ன பட்டை விஷயம் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது.

பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்துக்கு ஒரு அடி டைல்ஸ், அகலத்தில் 34, நீளத்தில் 74. எத்தனை துண்டு என்று நான் எப்படிப் பார்த்தேன் என்றால், 30-க்கு 70 என்பது 2100. ஓரத்தில் 4 வரிசைப் பட்டை, ஒன்று 70 நீளம், ஒன்று 30 நீளம். அந்த இரண்டையும் மனதில் தலைக்குத் தலை நீட்டி வைத்தேன். 100 நீளம், 4 அகலம், 400. மூலை 16. மொத்தம் 2516. இதுவும் அதே வழிதானா ஐயா?

கணக்குவாத்தி · புதன், இரவு 9.00

அதே வெட்டுதான், ஆனால் ஒட்டும் விதம் வேறு. 43 × 47-இல் பட்டைகள் ஒரே நீளம், அகலம் சேர்ந்து 10. அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். உங்கள் 34 × 74-இல் பட்டைகள் ஒரே அகலம், நீளம் 30-உம் 70-உம் சேர்ந்து 100. அதனால் நீங்கள் தலைக்குத் தலை வைத்தீர்கள். ஒன்றாம் இடம் ஒன்றாக இருந்து, பத்தாம் இடங்கள் கூட்டினால் பத்து வந்தால் இது ஓடும். 3 × 7-உம் 4-உம் சேர்ந்து 25, பின்னால் 16. 2516.

முப்பது வருடம் இதைத் தாளில் சொல்லிக்கொடுத்தேன், இரண்டையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. உங்கள் தரைதான் காட்டிக்கொடுத்தது.

மல்லிகைக்கடை · புதன், இரவு 9.35

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வழியையும் பிள்ளை மனதில் வைத்துக்கொள்ள முடியுமா? பத்து கூட்டு வழி, நூறு கூட்டு வழி, பதினொன்று வழி. எது எதற்கு என்று பார்ப்பதற்குள் நேராகப் பெருக்கிவிடலாமே. எனக்குப் பதினொன்று ஒன்றே போதும், ஏனென்றால் தினமும் அது மட்டும்தான் வருகிறது.

அபாகஸ்_அக்கா · புதன், இரவு 9.50

தனித்தனி வழியாக வைத்துக்கொண்டால் முடியாது அக்கா. பட்டையை வெட்டத் தெரிந்தால் வைத்துக்கொள்ளவே வேண்டாம், அங்கேயே வெட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் சோதனை அறையில் கடிகாரம் ஓடும்போது அதற்கு நேரம் இருக்குமா என்றால், எல்லாப் பிள்ளைக்கும் இருக்காது. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பிறை_அப்பா · வியாழன், இரவு 10.10

ஐயா சொன்ன "விருப்பப்படி எண்" மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 31-லிருந்து 39 வரை எல்லாவற்றுக்கும் வர்க்கம் போடு என்று விட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நோட்டில் இப்படி இருந்தது.

```
33:  30 × 36 + 9  = 1089
34:  30 × 38 + 16 = 1156
35:  30 × 40 + 25 = 1225
36:  32 × 40 + 16 = 1296
37:  34 × 40 + 9  = 1369
38:  36 × 40 + 4  = 1444
```

நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. 33, 34-க்குக் கீழே 30-க்கு இறங்கியிருக்கிறாள். 36-லிருந்து மேலே 40-க்கு ஏறியிருக்கிறாள். ஏன் அப்படி என்று கேட்டேன். "எது கிட்டயோ அதுக்குப் போனேன், ஒரு பக்கமாச்சும் சுழியத்துல முடிஞ்சா பெருக்க ஈஸி" என்றாள்.

அப்புறம் 35 இருந்த வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "இதுல மட்டும் ரெண்டு பக்கமும் சுழியம்ப்பா. அஞ்சு கீழ போனா 30, அஞ்சு மேல போனா 40. மத்ததுல ஒரு பக்கம்தான்" என்றாள்.

இரவுஷிஃப்ட் தம்பி, நீங்கள் முதல் நாள் 5-க்கே உள்ள சிறப்பு என்று சொன்னது இந்த வரிசையைப் பார்க்கும்போது சரிதான் போலிருக்கிறது.

இரவுஷிஃப்ட் · வியாழன், இரவு 10.25

பத்துக்கும் பத்துக்கும் சரியாக நடுவில் நிற்பது அது ஒன்றுதான் அண்ணே. நான் சொல்லும்போது அதை நினைத்துச் சொல்லவில்லை, பாப்பாதான் கண்டுபிடித்தாள். 65-ஐயும் 85-ஐயும் அவளிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் 115 கொடுங்கள். 110 × 120 என்று எழுதுகிறாளா, 11 × 12 என்று எழுதி 25-ஐ ஒட்டுகிறாளா என்று பார்த்துச் சொல்லுங்கள்.